சர்வர் விழுந்த செய்தியில் விடுபட்ட சொற்கள்: எதை நிரப்புவது, எதை விடுவது

[திரையில்: குரூப் சாட். தட்டச்சு செய்த, இன்னும் அனுப்பாத ஒரு செய்தி.]

> சர்வர் டவுன். 9.40 இருந்து. பேமண்ட் போகாது பார்க்கிறம். ரீஸ்டார்ட் பண்ண வேண்டாம் சொல்லும் வரை. 10க்கு அப்டேட்.

கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகம். ஒன்லைன் கட்டணம் வாங்கும் செயலி ஒன்றை நடத்துகிறார்கள். காலையில் டேட்டாபேஸ் விழுந்துவிட்டது. பொறுப்பில் இருந்தவர் அவசரத்தில் அடித்த வரிகள்தான் இவை. அனுப்புவதற்கு முன் பக்கத்து மேசையில் இருப்பவரிடம், "ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ" என்று நீட்டுகிறார். பார்ப்பவருக்கு ஒரு நிமிடம்தான் இருக்கிறது.

முதல் வசனம், "சர்வர் டவுன்." இதில் வினைச்சொல் இல்லை. ஆனாலும் கை வைக்கவேண்டாம். "அவர் டொக்டர்", "இன்று லீவு" என்று தமிழில் வினையில்லாமலே வசனம் முழுமை பெறும். "சர்வர் செயலிழந்த நிலையில் காணப்படுகின்றது" என்று நீட்டினால் வாசிக்கும் நேரம்தான் கூடும், தகவல் கூடாது. இங்கே விடுபட்டது வினையல்ல, பெயர். எந்தச் சர்வர்? அந்த டீமிடம் சோதனைக்கு ஒன்று, செயலிக்கு ஒன்று, கட்டணத்துக்கு ஒன்று இருக்கின்றன. பெயர் இல்லாவிட்டால் எல்லோரும் வேலையை நிறுத்துவார்கள், அல்லது சோதனைச் சர்வராக்கும் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். போனின் நோட்டிபிகேசனில் செய்தியின் தொடக்கம் மட்டுமே தெரியும் என்பதால் பெயர் முதல் சொல்லாகவே வரட்டும். விழுந்தது கட்டணத்துக்கான pay-db, ஆகவே: "pay-db டவுன்."

ஒரு சொல் இல்லாததால் இரண்டு பேர் இரண்டு விதமாக விளங்கிக்கொள்ளக்கூடும் என்றால் அதை நிரப்புங்கள். ஒரே விதமாகத்தான் விளங்கும் என்றால் குறைவசனமாகவே விடுங்கள். மிச்ச வரிகளையும் இப்படியே பார்க்கலாம்.

[திரையில்: "9.40 இருந்து" வட்டமிடப்படுகிறது.]

"9.40 இருந்து" என்பதில் "இல்" விடுபட்டிருக்கிறது. "9.40இலிருந்து" என்று வரவேண்டும். இது சின்னத் திருத்தம், யாரும் பிழையாக விளங்கமாட்டார்கள். ஆனால் இந்த 9.40 எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் கேட்கவேண்டும். பொறுப்பில் இருந்தவருக்கு அலாரம் அடித்த நேரம் அது. லொக்கில் இப்படி இருக்கிறது:

```
04:07:12Z ERROR pay-db connection refused
```

கடைசியில் உள்ள Z, இது யூடிசி நேரம் என்று சொல்கிறது. இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் நிற்பது. 4.07உடன் 5.30ஐக் கூட்டினால் காலை 9.37. அந்த டீமின் கண்காணிப்பு நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப்பார்க்கும், மூன்று முறை தொடர்ந்து பதில் வராவிட்டால்தான் அலாரம் அடிக்கும். அதனால்தான் இந்த மூன்று நிமிட இடைவெளி. கணக்குப் பிரிவு இந்தச் செய்தியை வைத்தே தோற்றுப்போன கட்டணங்களைத் தேடும். 9.40இலிருந்து தேடினால் அதற்கு முந்திய மூன்று நிமிடக் கட்டணங்கள் கண்ணில் படாது. ஆகவே "காலை 9.37இலிருந்து" என்று எழுதவேண்டும்.

[திரையில்: "பேமண்ட் போகாது பார்க்கிறம்" பெரிதாகிறது.]

இந்தச் செய்தியில் ஆபத்தான வரி இதுதான். "போகாது" என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலை. "பஸ் இந்த வழியால் போகாது" என்னும்போது அது வசனத்தை முடிக்கிற வினைமுற்று. "பள்ளிக்குப் போகாது வீட்டில் நின்றான்" என்னும்போது அது "போகாமல்" என்று பொருள்படும் எச்சம், அடுத்த வினையோடு ஒட்டிக்கொள்ளும். எழுதியவர் நினைத்தது முதலாவது: பேமண்ட் வேலை செய்யாது, நாங்கள் என்னவென்று பார்க்கிறோம். நடுவில் முற்றுப்புள்ளி இல்லாததால், "பேமண்ட் போய்விடாதபடி பார்த்துக்கொள்கிறோம்" என்றும் படிக்கலாம். அதாவது பிரச்சினை கட்டுக்குள் இருக்கிறது என்று.

புள்ளி வைத்தால் இந்தக் குழப்பம் தீரும். ஆனாலும் இன்னொன்று மிஞ்சும். "பேமண்ட் போகாது" என்பதை "காசு போகாது" என்று விளங்கிக்கொள்ள நிறைய இடமுண்டு. வெள்ளவத்தையில் இருந்து தொலைபேசிக்குப் பதில் சொல்பவர், "உங்கட கணக்கில இருந்து காசு வெட்டுப்படாது, பயப்படாதேங்கோ" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவார். சிங்களத்தில் கேட்பவருக்கும் அதையே சிங்களத்தில் சொல்வார். அப்படி ஓர் உறுதியை டீமில் யாரும் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் திருத்துபவர் தானாக ஒரு சொல்லைப் போட்டு நிரப்பக்கூடாது. விடுபட்டிருப்பது இலக்கணம் என்றால் நீங்களே போடலாம், விடுபட்டிருப்பது தகவல் என்றால் எழுதியவரைத்தான் கேட்கவேண்டும். "காசு வெட்டுப்படுதா இல்லையா?" என்ற ஒரு கேள்வி போதும். "இன்னும் தெரியாது" என்று பதில் வந்தால், அந்தத் தெரியாமையையே எழுதுங்கள். தொலைபேசியில் இருப்பவருக்கு அதுவும் உதவும்.

"பார்க்கிறம்" என்பதற்கு முன் "நாங்கள்" சேர்க்கத் தேவையில்லை. அது வினையின் விகுதியிலேயே இருக்கிறது. ஆனால் அந்த நாங்கள் யார் என்பது நாற்பது பேர் உள்ள குரூப்பில் தெரியாது. டீமின் பெயரைப் போடுங்கள்.

[திரையில்: "ரீஸ்டார்ட் பண்ண வேண்டாம் சொல்லும் வரை".]

பேச்சில் குரலும் இடைநிறுத்தமும் காப்பாற்றும் வரி இது. எழுத்தில் அவை இல்லை. சாட்டில் "என்று" என்ற சொல்லைப் பலர் விழுங்கிவிடுவதால், இதை "வேண்டாம் என்று சொல்லும் வரை" எனவும் படிக்கலாம். அப்படிப் படித்தால், தடுக்கும்வரை ரீஸ்டார்ட் செய்யலாம் என்று தலைகீழாகிவிடும். விழுந்த டேட்டாபேஸ் தன் பதிவுகளைத் திரும்ப ஓட்டி மீண்டுவரும் நேரத்தில் யாராவது ரீஸ்டார்ட் செய்தால், அந்த வேலையை மறுபடி தொடங்கவேண்டி வரலாம். சொற்களை இடம் மாற்றினாலே பாதிக் குழப்பம் போய்விடும்: நிபந்தனை முன்னால், "வேண்டாம்" கடைசியில். யார் சொல்லும் வரை, எதை ரீஸ்டார்ட் செய்யக்கூடாது என்ற இரண்டையும் சேர்த்தால் மீதியும் போய்விடும்.

"10க்கு அப்டேட்" என்பதை ஒருவர் அடுத்த தகவல் என்று எடுப்பார், இன்னொருவர் மென்பொருள் அப்டேட் என்று எடுப்பார். "அடுத்த தகவல்" என்று தமிழிலேயே எழுதினால் வேலை முடிந்தது.

[திரையில்: திருத்திய செய்தி.]

> pay-db டவுன். இன்று காலை 9.37இலிருந்து.
> கார்ட் பேமண்ட் எதுவும் வேலை செய்யவில்லை. காசு வெட்டுப்படுகிறதா என்று இன்னும் தெரியாது.
> டேட்டாபேஸ் டீம் பார்க்கிறது. அவர்கள் சொல்லும் வரை யாரும் pay-dbஐ ரீஸ்டார்ட் பண்ண வேண்டாம்.
> அடுத்த தகவல் காலை 10 மணிக்கு, இதே குரூப்பில்.

"டவுன்" அப்படியே நிற்கிறது. "காலை 9.37இலிருந்து" இன்னும் குறைவசனம்தான். கடைசி வரியிலும் வினை கிடையாது. "பண்ண" என்பதைச் "செய்ய" என்று மாற்றவில்லை, அது யாரையும் குழப்பவில்லை.

பிழையான செய்தி ஏற்கெனவே போய்விட்டதென்றால், எழுத்துப்பிழைக்கு அதையே எடிட் செய்யலாம். வாட்ஸ்அப்பில் அதற்கு 15 நிமிடம் கிடைக்கும். ஆனால் பொருள் மாறுகிற திருத்தத்துக்கு எடிட் போதாது. எடிட் செய்தால் புதிய நோட்டிபிகேசன் போகாது, பழையதை வாசித்துவிட்டுப் போனை வைத்தவர் அதை அறியவேமாட்டார். "திருத்தம்:" என்று தொடங்கி, மாறிய வரியை மட்டும் புதிய செய்தியாக அனுப்புங்கள்: "திருத்தம்: தொடங்கிய நேரம் 9.40 அல்ல, 9.37."