கூச்சம் இறகில் இல்லை, இனிப்பு சர்க்கரையில் இல்லை

நடுவர் அவர்களே, சுவையும் நிறமும் பொருளில் இல்லை, நம்மிடம்தான் பிறக்கின்றன என்பது எங்கள் அணியின் கட்சி. அதற்கு எதிரணித் தலைவர் பேராசிரியர் ஐயா உட்காருவதற்கு முன் கேட்டுவிட்டுப் போன கேள்வி இது: "சர்க்கரையில இனிப்பு இல்லைன்னா, நாளைக்குக் காலையில காபியில உப்பைப் போட்டுக் குடிப்பீங்களா?"

மாட்டேன் ஐயா. சர்க்கரையும் உப்பும் ஒன்று என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை. இரண்டின் நுண்துகள்களுக்கும் வடிவம் வேறு, அடுக்கு வேறு. ஒன்று என் நாக்கில் ஒரு வேலையைச் செய்கிறது, மற்றது வேறு வேலையைச் செய்கிறது. அந்த வேலைக்காகத்தான் கடைக்காரரிடம் காசு கொடுக்கிறேன். வேலை செய்யும் திறன் சர்க்கரையுடையது. இனிப்பு அந்த வேலையின் விளைவு. அது பிறக்கும் இடம் நாம்.

கலிலியோ 1623-இல் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். இறகை மூக்கின்கீழ் மெல்ல ஓட்டினால் கூசுகிறது. அந்தக் கூச்சம் இறகுக்குள் இருந்ததா? கற்சிலையின் மூக்கில் ஓட்டுங்கள், அங்கேயும் இறகு அசைகிறது, தொடுகிறது. கூச்சம் மட்டும் இல்லை. சுவை, மணம், நிறம் எல்லாம் இந்தக் கூச்சத்தின் உறவுக்காரர்கள்தான் என்றார் அவர். அப்புறம் 1690-இல் ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவஞானி இதைக் கணக்காகப் பிரித்தார். உருவம், அளவு, எண்ணிக்கை, அசைவு, கெட்டித்தன்மை ஆகியவை பொருளின் சொந்தச் சொத்து. நிறமும் சுவையும் அப்படியல்ல. இதற்கு அவர் ஒரு வாதுமைப் பருப்பை எடுத்துக்கொண்டார். பருப்பை இடித்தால் வெள்ளை போய் அழுக்கு நிறம் வருகிறது, இனிப்பு போய் எண்ணெய்ச் சுவை வருகிறது. சரி, உலக்கை என்ன செய்தது? சாயம் பூசியதா, எண்ணெய் ஊற்றியதா? துகள்களின் அடுக்கைக் கலைத்தது, அவ்வளவுதான். அடுக்கு மாறியதும் நம்மிடம் நடக்கும் விளைவும் மாறிவிட்டது.

"இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை" என்று யாரோ முனகுவது கேட்கிறது. இதோ, நம் வேலியில் படரும் சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். இடைவேளையில் எதிரணியின் இளைய பேச்சாளர் தம்பிக்கு இரண்டு இலை கொடுத்தேன். தம்பி நன்றாக மென்று, நாக்கு முழுக்கப் படும்படி புரட்டி, துப்பிவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டார். முகத்தைப் பார்த்தீர்களா? "மணல் மாதிரி இருக்குண்ணே" என்றார்.

அந்த 'மணல்' என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். நெறுநெறுப்பு இருந்தது. மணிகளின் அளவு, கெட்டி, வாயில் கரைவது எல்லாம் இருந்தன. இனிப்பு மட்டும் காணோம். இலையிலுள்ள சத்து சர்க்கரையைத் தொடவே இல்லை. நாக்கில் இனிப்பை வாங்கும் இடங்களைப் போய் அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். எங்கள் அணியிலுள்ள சித்த மருத்துவர் அம்மா இன்னொன்றும் சொன்னார்கள்: அதே நாக்கில் உப்பை வையுங்கள், புளியை வையுங்கள், வழக்கம்போல் தெரியும். அதாவது நாக்கு மரத்துப்போகவில்லை, ஒரே ஒரு கதவு சாத்தப்பட்டிருக்கிறது. சற்று நேரத்தில் அது தானே திறந்துகொள்ளும். சர்க்கரைக்கொல்லி என்ற பெயரே பாதி தப்பு. சர்க்கரை சாகவில்லை.

முன்வரிசை ஐயா ஒருவர் உடனே, "அப்போ எனக்குச் சுகர் இறங்குமா?" என்று கேட்டார். ஐயா, மருந்து விஷயத்தை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் இலையை மென்றுவிட்டு லட்டு சாப்பிட்டால் இனிக்கவில்லையே என்று நாலு உள்ளே தள்ளிவிடாதீர்கள். லட்டில் உள்ளது முழுக்க உள்ளேதான் போகும்.

பேராசிரியர் ஐயா இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். கோளாறான நாக்கை வைத்து வழக்காடக் கூடாது, காய்ச்சல்காரனுக்குக் கஞ்சியும் கசக்கும், நல்ல நாக்கு உள்ளதைச் சொல்லும் என்றார். பாதி சரிதான். ஆனால் நல்ல நாக்கு எது? 1932-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் எழுதிய சம்பவம் ஒன்று உண்டு. ஆய்வகத்தில் ஒரு தூளைக் கொட்டும்போது அது பறந்தது. பக்கத்தில் நின்றவர் "கசக்கிறது" என்றார். அருகிலேயே இருந்த ஃபாக்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருவரும் நாக்கில் வைத்தே பார்த்தார்கள், அதே கதைதான். இருவருக்கும் காய்ச்சல் இல்லை. அந்தத் தூள் சிலருக்குக் கசக்கும், சிலருக்குச் சும்மா இருக்கும், பிறவியிலேயே அப்படி. கசப்பு தூளில் இருந்தால், ஃபாக்ஸ் நோயாளியா? பூனையைக் கேளுங்கள், இனிப்பை வாங்கும் பகுதி அதற்குப் பிறவியிலேயே வேலை செய்வதில்லை. நோயுள்ள பூனை என்று யாரும் அதை வைத்தியரிடம் கொண்டுபோவதில்லை.

அடுத்து, ஜவுளிக்கடை அண்ணாச்சி. அவர் எதிரணி, ஆனால் எனக்காகவே பேசினார் என்று நினைக்கிறேன். கடை விளக்கில் புடவைக்கும் ரவிக்கைத் துணிக்கும் ஒரே நிறமாகப் பார்த்துக் கொடுப்பாராம். வாங்கிப்போன அம்மா மறுநாள் வந்து, "வெயில்ல ரெண்டும் ரெண்டா இருக்கே" என்று சண்டை போடுவார்களாம். இரண்டு துணியின் சாயமும் வேறு. ஒவ்வொன்றும் ஒளியை ஒவ்வொரு விதமாகத் திருப்பி அனுப்புகிறது. அந்த விளக்கின் கீழ் மட்டும் இரண்டும் நம் கண்ணில் ஒரே விளைவைத் தந்தன. "வெயில்ல தெரியறதுதான் உண்மை நிறம்" என்கிறார் அண்ணாச்சி. எந்த வெயில் அண்ணாச்சி, காலை ஆறு மணி வெயிலா, உச்சி வெயிலா?

உங்கள் செல்போனில் எலுமிச்சம்பழப் படம் ஒன்றைத் திறந்து, திரையில் ஊசிமுனை அளவு தண்ணீர்த் துளி வையுங்கள். துளி லென்ஸ் மாதிரி பெரிதாக்கிக் காட்டும். அந்த மஞ்சளில் சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும்தான் மினுங்கும். மஞ்சள் ஒளி என்று ஒன்று அங்கே புறப்படவே இல்லை. ஆனாலும் தூரத்தில் பிடித்தால் மஞ்சளாகத்தான் தெரியும்.

ஒரு தங்கச்சி எழுந்து, "அப்போ எல்லாமே மாயைங்கிறீங்களா?" என்று கேட்டார். இல்லை அம்மா, அது வேறு வழக்கு. இந்த மேசை நாலு அடி. கண்ணால் பார்ப்பவரும் அளக்கலாம், பார்வையில்லாதவர் கையால் தடவியும் அளக்கலாம், இருவர் கணக்கும் ஒத்துப்போகும். இதன் தேக்கு நிறத்தை அவருக்குக் கையில் கொடுக்க முடியுமா?

இங்கே எதிரணியின் கடைசிப் பேச்சாளர் லாக்கை மறுத்த தத்துவஞானி பெர்க்லியைக் கொண்டுவருவார், எனக்குத் தெரியும். 1713-இல் அவர் கேட்டார்: வடிவமும் அளவும்கூடப் பார்ப்பவரைப் பொறுத்து மாறுகிறதே, நமக்குப் புள்ளியாகத் தெரியும் பூச்சியின் கால் அந்தப் பூச்சிக்கு எவ்வளவு பெரிது? உள்ளபடியே கடினமான கேள்வி. அளவுகோல் வைத்துப் பாதிதான் என்னால் சமாளிக்க முடியும். கெட்டித்தன்மை என்பது கடைசியில் என்ன என்று கேட்டால் லாக்கே திணறியிருப்பார். ஆனால் நடுவர் அவர்களே, அந்தக் கேள்வி வடிவத்தையும் என் பக்கம் தள்ளுகிறதே தவிர, இனிப்பைச் சர்க்கரைக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மணி அடிக்கிறீர்கள், முடிக்கிறேன். மேசையில் இன்னும் நாலு இலை இருக்கிறது. பேராசிரியர் ஐயா மென்றுவிட்டே வந்து பதில் சொல்லட்டும். காபியை மட்டும் அதற்கு முன்னால் குடித்துவிடுங்கள் ஐயா.