உணவு வலைப் படத்திலிருந்து ஓர் இனத்தை அழித்துப் பார்த்தால்

எல்லோருக்கும் வணக்கம். பலகையில் வரைந்திருக்கும் படத்தை முதலில் ஒரு நிமிடம் பாருங்கள். உச்சியில் ஒரு கடல் நட்சத்திரம். அதற்கு ஒரு படி கீழே, ஓட்டில் துளையிட்டுத் தின்னும் கடல்நத்தை. அடி வரிசையில் பாறையில் ஒட்டி வாழும் ஐந்து பேர்: பாசியைச் சுரண்டித் தின்னும் ஓட்டுயிர்களான கைட்டான், லிம்பெட், பிறகு மசல் சிப்பி, கொட்டலசு, காம்புள்ள கொட்டலசு. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்து மக்காவ் விரிகுடாவின் பாறைக் கரை இது. அலை ஏறும்போது மூழ்கி, வடியும்போது வெளியே தெரியும் பகுதி. ராபர்ட் பெய்ன் என்ற உயிரியலாளர் 1966-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் உள்ள படத்தைத்தான் கொஞ்சம் எளிமையாக்கி வரைந்திருக்கிறேன்.

இந்தப் படத்தை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. பாடப் புத்தகங்களில் புல், முயல், நரி என்று படம் போட்டு, "முயல் அழிந்தால் என்ன ஆகும்?" என்று கேட்பார்கள். விடை புத்தகத்திலேயே இருக்கும், யாரும் போய்ச் சரிபார்த்திருக்க மாட்டார்கள். இங்கே அப்படி இல்லை. பெய்ன் உண்மையாகவே ஓர் இனத்தை அந்தக் கரையிலிருந்து எடுத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று கூடவே இருந்து பார்த்தார். நாம் சொல்லும் விடையை நிஜத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சரி, படத்தை வாசிப்போம். அம்புக்குறி தின்னப்படும் உயிரிலிருந்து கிளம்பி, தின்னும் உயிரில் போய் முடிகிறது. உணவு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் முனை. நிறையப் பேர் இதைத் தலைகீழாக வாசிக்கிறார்கள். மசலிலிருந்து நட்சத்திரத்துக்கு அம்பு போவதைப் பார்த்து "மசல் நட்சத்திரத்தைத் தின்கிறது" என்று எழுதும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். "தின்கிறது" என்று வாசிக்காமல் "இதன் உடல் அதற்குள் போகிறது" என்று வாசித்தால் குழப்பமே வராது.

இப்போது அம்புகளை எண்ணுங்கள். கடல் நட்சத்திரத்துக்குள் ஆறு அம்புகள் வருகின்றன. அடி வரிசை ஐந்திலிருந்தும் வருகின்றன, நத்தையிலிருந்தும் ஒன்று வருகிறது. நத்தைக்குள் இரண்டுதான், மசலிலிருந்து ஒன்று, கொட்டலசிலிருந்து ஒன்று.

எல்லா அம்பும் ஒரே கனம் இல்லை. இது எப்படித் தெரிந்தது என்பதே ரசிக்கத்தக்கது. கடல் நட்சத்திரம் தன் இரைப்பையை வாய் வழியாக வெளியே தள்ளி, இரையின் மேல் போர்த்தி, உடலுக்கு வெளியிலேயே செரிக்கத் தொடங்கிவிடும். ஆகவே நீர் வடிந்த நேரத்தில் போய் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் புரட்டிப் பார்த்தால், அது அன்று என்ன சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்பது கண்ணுக்கு நேரே தெரியும். பெய்ன் இப்படிப் புரட்டிப் புரட்டி எண்ணினார். தலை எண்ணிக்கையில் பார்த்தால் பாதிக்கு மேல் கொட்டலசு. ஆனால் கொட்டலசு மிகச் சிறியது. அதே கணக்கை உணவின் ஆற்றலாக மாற்றினால் நிலைமை புரண்டுவிடுகிறது: கைட்டானும் மசலும்தான் பெரும்பங்கு. கனமான அம்பு எது என்று கேட்டால், எதை வைத்து அளந்தீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இனி நட்சத்திரத்தை அழித்துவிடுகிறேன். அதோடு சேர்ந்த ஆறு அம்புகளும் போய்விட்டன. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள், என்ன ஆகும்?

"தின்பவர் போய்விட்டார், ஆறு இனமும் பெருகும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது. நல்ல விடைதான். அம்புகளை வைத்துக்கொண்டு வேறு விடை சொல்ல முடியாது. கரையில் நடந்ததைப் பார்ப்போம்.

1963 ஜூன் மாதம், எட்டு மீட்டர் நீளமும் மேலிருந்து கீழாக இரண்டு மீட்டரும் உள்ள ஒரு துண்டுப் பாறையிலிருந்து கடல் நட்சத்திரங்களையெல்லாம் பெய்ன் அப்புறப்படுத்தினார். அவை பாறையை விடாப்பிடியாகப் பிடித்திருக்கும், கடப்பாரையால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். எடுத்ததைக் கடலுக்குள் வீசினார். மறுபடி ஏறி வந்தவற்றையும் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தார். பக்கத்திலேயே இன்னொரு துண்டைத் தொடாமல் விட்டார். அது இல்லாவிட்டால் சோதனைக்குப் பொருளே இல்லை. மாறியது நட்சத்திரம் போனதாலா, அந்த ஆண்டின் அலையாலும் வெயிலாலுமா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போயிருக்கும்.

செப்டம்பருக்குள் காலியாகக் கிடந்த பாறையில் 60 முதல் 80 சதவீதத்தைக் கொட்டலசு பிடித்துவிட்டது. இதுவரை நம் விடை சரி. ஆனால் அடுத்த ஆண்டு ஜூனில் போய்ப் பார்த்தால், அந்தக் கொட்டலசையே மசலும் காம்புள்ள கொட்டலசும் நெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தன. மசல் பசைபோன்ற இழைகளைச் சுரந்து பாறையிலோ பக்கத்துச் சிப்பியிலோ கட்டிக்கொள்ளும். கொட்டலசின் மேலேயே ஏறி உட்காரும், அடியில் மாட்டியது மூச்சுமுட்டிச் சாகும். நாளாக ஆக அந்தத் துண்டு முழுக்க மசல் படுகையாகவே மாறிக்கொண்டு போனது.

பாறையில் ஒட்டி வளரும் பாசிகளுக்கு வெறும் பாறை வேண்டும். அது இல்லாமல் போனதால் பாசிகளும் ஏறக்குறைய எல்லாம் மறைந்தன. பாசியைச் சுரண்டித் தின்னும் கைட்டானும் லிம்பெட்டும் உணவும் இல்லை, இடமும் இல்லை என்று அந்தத் துண்டை விட்டே போய்விட்டன. முன்பு 15 இனங்கள் இருந்த இடத்தில் எட்டுதான் மிஞ்சின. தொடாமல் விட்ட பக்கத்துத் துண்டில் இப்படி எதுவும் நடக்கவில்லை.

கைட்டானை மறுபடி பாருங்கள். அதிலிருந்து நட்சத்திரத்துக்குப் போகும் அம்பு கனமானது என்று சற்றுமுன்தான் சொன்னேன். தன்னை அதிகம் தின்றவன் போன பிறகு பெருக வேண்டிய கைட்டான், ஊரைக் காலி செய்துவிட்டுப் போகிறது. அம்புகளை மட்டும் வாசித்தவருக்கு இது புரியவே புரியாது.

இன்னொன்று. அந்தப் பாறையில் ஒரு கடற்பஞ்சும், அதைத் தின்னும் ஓடில்லாத கடல்நத்தை ஒன்றும் இருந்தன. நட்சத்திரம் இரண்டையுமே தின்பதில்லை. படத்தில் அவற்றுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே ஒரு கோடுகூட இல்லை. ஆனாலும் நட்சத்திரம் போனதும் அந்த இரண்டும் இடம் இழந்தன. பெய்னின் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் இதுதான், பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இதற்கெல்லாம் காரணம் படத்தில் வரையப்படாத ஓர் உறவு. அடி வரிசையில் உள்ளவர்கள் யாரும் ஒருவரையொருவர் தின்பதில்லை, அதனால் அவர்களுக்குள் அம்பு இல்லை. ஆனால் எல்லோருக்கும் வேண்டியது ஒன்றே, ஒட்டிக்கொள்ளப் பாறை. அந்தப் போட்டியில் மசலை வெல்ல அங்கே ஆள் இல்லை. நட்சத்திரம் அந்த மசலையே தின்று தின்று பாறையில் காலி இடங்களை உண்டாக்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் அந்தக் காலி இடத்தில் பிழைத்தார்கள். உச்சியில் ஒரு வேட்டை உயிர் இருந்தாலே இப்படி நடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அது தின்னும் இரைகளில், போட்டியில் எல்லோரையும் ஒதுக்கக்கூடிய இனமும் இருக்க வேண்டும். நட்சத்திரம் போன்ற இப்படிப்பட்ட வேட்டை இனத்துக்கு 'கீஸ்டோன் இனம்' என்று 1969-ல் பெய்ன் பெயர் வைத்தார்.

ஆகவே ஒரு பெயரை அழித்தவுடன் நான் மூன்று விஷயம் பார்ப்பேன். அது யாருக்கு உணவு, அவர்களுக்கு வேறு உணவு உண்டா? அது யாரைத் தின்றது, அவர்களைத் தின்ன வேறு ஆள் உண்டா? அப்புறம், தின்பவரின் பிடியிலிருந்து தப்பியவர்கள் எதற்காகத் தங்களுக்குள் முட்டிக்கொள்வார்கள்? மூன்றாவதை அம்பில் தேடக் கூடாது. அடி வரிசையில் உள்ளவர்களுக்கு நடுவே புள்ளிக்கோடு போட்டு, அதன் மேல் "பாறை" என்று எழுதிவிடுங்கள். வேறு இடமானால் அங்கே நீர், வெளிச்சம், பொந்து என்று ஏதாவது வரும்.

இதே படத்தில் நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு, துளையிடும் நத்தையை அழித்துப் பார்ப்போம். நட்சத்திரத்துக்கு ஆறில் ஒன்று குறைகிறது, அதுவும் சின்ன அம்பு. நத்தை தின்ற மசலையும் கொட்டலசையும் நட்சத்திரம் ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கிறது. மசல் கைமீறிப் போக வழி இல்லை. பெரிய கலவரம் எதுவும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. திருப்பிக் கேட்டால் விடை வேறு: நட்சத்திரம் போனபோது நத்தை இருக்கத்தானே செய்தது, அது ஏன் மசலை அடக்கவில்லை? சின்ன மசலின் ஓட்டைத்தான் அது துளைத்துத் தின்ன முடியும். மசல் வளர்ந்து தடித்துவிட்டால் நத்தை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. படத்தில் "மசல்" என்று ஒரே பெட்டிதான் போட்டிருக்கிறோம். குட்டி மசலும் பெரிய மசலும் தின்பவரின் கண்ணில் ஒன்றல்ல.

இந்த அளவு விஷயம் நட்சத்திரத்துக்கும் பொருந்தும். ஒரு மசல் போதுமான அளவு பெரிதாகிவிட்டால் நட்சத்திரத்தாலும் அதைத் திறக்க முடிவதில்லை. அதனால் சில ஆண்டுகள் நட்சத்திரம் இல்லாமல் விட்டுப் பிறகு திரும்ப வரவிட்டாலும், பெரிய மசல்கள் அப்படியே உட்கார்ந்திருக்கும். ரப்பரால் அழித்த பெயரைத் திரும்ப எழுதிவிட்டால் பழைய படம் வந்துவிடும் என்று கணக்குப் போடக் கூடாது.

இந்தச் சோதனையை எல்லாக் கரைக்கும் அப்படியே பொருத்துவதும் தவறு. பின்னால் ஓரிகன் கரையில் அதே கடல் நட்சத்திரத்தை வைத்துப் பார்த்தபோது, அலை பலமாக அடிக்கும் பாறைகளில் அதன் தாக்கம் வலுவாகவும், அலை ஒதுங்கிய இடங்களில் வலுக் குறைந்தும் இருந்தது. அதே உயிர், ஏறக்குறைய அதே படம், வேறு விளைவு. எட்டு என்ற எண்ணையும் கவனமாகக் கையாள வேண்டும். அது பாறை மேல் கண்ணுக்குத் தெரிந்த பெரிய இனங்களின் கணக்கு. மசல் படுகையின் இடுக்குகளில் புழுக்களும் சிறு நண்டுகளுமாக நூற்றுக்கணக்கான இனங்கள் குடியிருக்கின்றன, அவை அந்தக் கணக்கில் சேரவில்லை.

2013-லிருந்து வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் ஒரு நோய் வந்து கடல் நட்சத்திரங்கள் கூட்டம் கூட்டமாகக் கரைந்து செத்தன, இந்த இனமும் அதில் சிக்கியது. இப்போது நெம்பி எடுக்க யாரும் தேவையில்லாமல் போனது. இப்படி ஒரு கரையில் விளைவு தெரிகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. மேல் பகுதியில் மசல் எப்போதுமே ஒரு பட்டையாக இருக்கும், ஏனென்றால் வெயிலில் அவ்வளவு நேரம் காய்வதை நட்சத்திரம் தாங்காது. அந்தப் பட்டையின் கீழ் விளிம்பு எங்கே முடிகிறது என்று பாறையில் ஆணி அடித்துக் குறித்துவையுங்கள், கூடவே நட்சத்திரங்களையும் எண்ணிவையுங்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் நட்சத்திரம் குறையக் குறைய விளிம்பு ஆணியைத் தாண்டிக் கீழே இறங்கினால், பாசிக்கும் கைட்டானுக்கும் இருந்த இடம் பறிபோய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். இறங்காமல் அங்கேயே நின்றால், அந்தக் கரையில் மசலைத் தடுப்பது வேறு ஏதோ ஒன்று, நம் படத்தில் இன்னும் வரையாத ஒன்று.