மாத்திரை போட்டும் ரத்தம் ஏறலையா?

வணக்கம். இன்றைக்கு கர்ப்பிணிகளின் சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லாச் சத்தையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. தர்மபுரி பக்கம் செக்கப்புக்கு வருகிற பெண்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது ரத்தக் குறைவு, அதனால் இரும்புச் சத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

பென்னாகரம் பக்கத்தில் ஒரு பெண், ஐந்தாம் மாதம், ஹீமோகுளோபின் 8.6. கர்ப்ப காலத்தில் இது 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். நர்சம்மா கொடுத்த சிவப்பு மாத்திரையை ஒரு நாள் விடாமல் போட்டேன் என்கிறாள், பொய் சொல்லவில்லை, காலி அட்டைகளையே கொண்டு வந்து காட்டினாள். பிறகு ஏன் ஏறவில்லை? எப்போது, எதோடு போட்டாய் என்று கேட்டேன். காலையில் ராகிக் களி, அதோடு டீ, டீயோடு சிவப்பு மாத்திரை, கூடவே மறந்துவிடக் கூடாது என்று கால்சியம் மாத்திரையும்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. டீயில் இருக்கிற துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடல் அதை உறிஞ்ச முடியாது. கால்சியமும் இரும்பும் ஒன்றாகப் போனால் கால்சியம் இரும்பைத் தடுக்கும். நம்ம ராகியும் அப்படித்தான், 100 கிராம் மாவில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, குழந்தையின் எலும்புக்கு அருமையான சாப்பாடு, ஆனால் அதில் இருக்கிற இரும்பு உடம்பில் சேர்வது குறைவு. அதற்காகக் களியை விட்டுவிடாதீர்கள், மாத்திரையை மட்டும் களி நேரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

அந்தச் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். ஹீமோகுளோபின் 7-க்கும் 11-க்கும் நடுவில் இருந்தால் டாக்டர் தினம் இரண்டாக்குவார், அவளுக்கும் அப்படித்தான் எழுதினார்கள். நேரத்தை இப்படி மாற்றினோம்: காலைச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம், பதினோரு மணிக்கு முதல் சிவப்பு மாத்திரை, அதோடு எலுமிச்சைச் சாறு அல்லது ஒரு நெல்லிக்காய், ஏனென்றால் வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக்கொள்ள உதவும். ராத்திரிச் சாப்பாட்டோடு இரண்டாவது கால்சியம், இரண்டு மணி நேரம் கழித்துப் படுக்கும்போது இரண்டாவது சிவப்பு மாத்திரை. டீயை முழுசாக நிறுத்தச் சொல்லவில்லை, மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடி என்றேன். ஒரு மாசத்தில் 9.7 ஆச்சு. மாசத்துக்கு ஒரு புள்ளியாவது ஏற வேண்டும், ஏறவில்லை என்றால் காரணம் வேறு, பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். 7-க்குக் கீழே இருந்தால் காத்திருக்கவே கூடாது, உடனே போங்கள்.

மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம், இரும்பு மாத்திரை போட்டால் அப்படித்தான் இருக்கும். மலச்சிக்கல் இருந்தால் தண்ணீரும் கீரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் சாப்பிடக் கூடாதவை. அந்தப் பெண்ணின் மாமியார், நல்ல மனசுதான், வாயு என்று முருங்கைக்கீரையையும், சூடு என்று மாம்பழத்தையும் கறியையும் நிறுத்தி வைத்திருந்தார். ரத்தம் குறைந்தவளுக்கு இவை தேவை அம்மா என்று அவரிடமே உட்கார்ந்து சொன்னேன். கிருஷ்ணகிரியில் மாம்பழக் காலத்தில் ஒரு துண்டு இரண்டு துண்டு தாராளமாகச் சாப்பிடலாம், சர்க்கரை இருக்கிறவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பப்பாளியில் காய்க்கும் பழத்துக்கும் வித்தியாசம் உண்டு. காயிலும் அரைப்பழத்திலும் இருக்கிற பால் கருப்பையைச் சுருங்க வைக்கலாம் என்பதால் அதைத் தவிர்க்கச் சொல்கிறோம். நன்றாகப் பழுத்ததை அளவாகச் சாப்பிட்டால் பயமில்லை.

உண்மையில் ஒதுக்க வேண்டியவற்றைத்தான் வீட்டில் யாரும் தடுப்பதில்லை. கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிப்பது, பச்சை முட்டை, அரைவேக்காட்டு முட்டை, சரியாக வேகாத கறி, இவற்றிலிருந்து வரும் கிருமி வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும். ஈரலில் இரும்பு நிறைய இருந்தாலும் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கிறது, முக்கியமாக முதல் மூன்று மாதம் வேண்டாம். மது ஒரு சொட்டுகூடக் கூடாது.

ஒன்றைக் கூச்சப்படாமல் நர்சம்மாவிடம் சொல்லுங்கள். பச்சை அரிசி, சாம்பல், மண், செங்கல் தூள் தின்ன ஆசை வருகிறதென்றால் அது பல நேரம் இரும்புக் குறைவின் அடையாளம். மண்ணைத் தின்றால் குடற்புழு சேரும், சில புழுக்கள் ரத்தத்தையே உறிஞ்சும். மூன்று மாதம் தாண்டிய பிறகு அதற்கு ஒரே ஒரு அல்பென்டசோல் மாத்திரை, 400 மில்லிகிராம், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தருவார்கள்.