பணம் முந்திக்கொண்டால் பணம்தான் காரணமா?

வணக்கம் நேயர்களே.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மக்கள் கையில் புழங்கும் நோட்டு கூடிவிடும். ரிசர்வ் வங்கி வாராவாரம் வெளியிடும் கணக்கிலேயே இதைப் பார்க்கலாம். அதற்காக நோட்டு கூடியதால்தான் தீபாவளி வந்தது என்று நாம் யாரும் சொல்வதில்லை. 1970இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிக்கோலஸ் கால்டோர் கிறிஸ்துமஸை வைத்து இதையே கேட்டார். டிசம்பரில் பணமும் கூடுகிறது, கடைகளில் விற்பனையும் கூடுகிறது. அப்படியானால் பணத்தைக் கூட்டாமல் விட்டால் பண்டிகை வியாபாரமே நின்றுவிடுமா என்றார். கேட்கக் கேலி மாதிரி இருந்தாலும், அவர் குறிவைத்தது அன்று பெரும் செல்வாக்கோடு இருந்த அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மனை.

ஃப்ரீட்மனும் அன்னா ஷ்வார்ட்ஸும் 1867 முதல் 1960 வரையிலான அமெரிக்கப் பணக் கணக்கை அலசி, 1963இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார்கள். நோட்டும் வங்கி டெபாசிட்டும் சேர்ந்த தொகையைத்தான் பண அளிப்பு என்கிறோம். அது வளரும் வேகம் மாறினால், பின்னாலேயே தொழிலும் வியாபாரமும் ஏறி இறங்குகின்றன என்பது அவர்கள் வாதம். ஃப்ரீட்மன் ஒரு கால அளவும் சொன்னார். பணத்தின் வளர்ச்சி வேகம் உச்சத்தைத் தொட்டு, சராசரியாக 16 மாதம் கழித்துத்தான் பொருளாதாரம் உச்சத்தைத் தொடுகிறது. அடிமட்டத்தில் இந்த இடைவெளி 12 மாதம். முன்னால் போவதுதானே காரணமாக இருக்க முடியும்?

இருக்கத் தேவையில்லை. இதைச் சின்னக் கணக்கிலேயே காட்டிவிடலாம். பணத்துக்குச் சொந்த சக்தி எதுவுமே இல்லாத ஒரு நாடு என்று வைத்துக்கொள்வோம். அங்கே உற்பத்தி எவ்வளவோ, அதில் சரிபாதிதான் எப்போதும் பணம். உற்பத்தி ஆறு மாதத்துக்கு ஒருமுறை 100, 101, 104, 107, 108 என்று ஏறி, பிறகு அதே படிகளில் இறங்குகிறது. உச்சம் 24ஆவது மாதத்தில், 108இல். இப்போது பணத்தைப் பாருங்கள். அது 50, 50.5, 52, 53.5, 54 என்று போகும். அது மிக வேகமாக வளர்வது எப்போது? 50.5இலிருந்து 53.5க்குப் போகும் ஒரு வருடத்தில், அதாவது 12ஆவது மாதத்தை நடுவாகக் கொண்ட காலத்தில். அதன் பிறகு பணத்தின் வளர்ச்சி வேகம் குறைய ஆரம்பித்துவிடுகிறது. உற்பத்தியோ இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆக, உற்பத்தியின் வாலைப் பிடித்துக்கொண்டே நடக்கும் பணம், கணக்கில் உற்பத்திக்கு ஒரு வருடம் முந்தியதாகத் தெரிகிறது. ஒன்றின் வேகத்தை எடுத்து இன்னொன்றின் உயரத்தோடு ஒப்பிட்டால் இப்படித்தான் வரும். ஏறி இறங்கும் எதற்கும், வேகத்தின் உச்சம் உயரத்தின் உச்சத்துக்கு முன்பே வந்துவிடும். 1970இல் இன்னொரு அமெரிக்கப் பொருளியலாளர் ஜேம்ஸ் டோபின் இதைவிட விரிவான ஒரு மாதிரியைக் கட்டிக் காட்டினார். பணம் எதையும் நகர்த்தாத அந்த மாதிரியிலும் பணம் முந்தியே வந்தது. ஃப்ரீட்மனும் பதில் எழுதினார்: கால முந்துதலை மட்டும் நான் சான்றாக நம்பவில்லை என்று. நியாயமான பதில்தான். ஆனால் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் அதிகம் பரவியது என்னவோ அந்த முந்துதல் கதைதான்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்போம். இங்கே விஷயம் தற்செயல்கூட இல்லை. பழம் பழுத்ததால்தான் காக்கையே வந்து உட்கார்ந்தது.

எப்படி என்று திருப்பூரில் பார்க்கலாம். ஒரு பனியன் ஏற்றுமதியாளருக்கு ஜனவரியில் ஐரோப்பாவிலிருந்து ஆர்டர் வருகிறது. அதைக் காட்டி வங்கியில் பேக்கிங் கிரெடிட் என்னும் ஏற்றுமதிக் கடன் கேட்கிறார். வங்கி 50 லட்சம் கொடுக்கிறது. யாரோ போட்டுவைத்த டெபாசிட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பதாகத்தான் பலரும் நினைக்கிறோம். நடப்பது வேறு. ஒரு பக்கம் கடன் பதிவாகும்போதே மறுபக்கம் 50 லட்சம் புது டெபாசிட் பிறக்கிறது. நூல் வாங்கியதும் அது மில்லின் கணக்குக்குப் போகிறது. பிறகு கூலியாகிறது, சாயப்பட்டறைக்குப் போகிறது. நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங் எல்லாம் முடிந்து சரக்கு கப்பலேற ஏப்ரல் ஆகிவிடும். புள்ளிவிவரத்தில் பணம் ஜனவரியில் கூடியிருக்கும், உற்பத்தி அதற்குப் பிறகுதான் கூடும். ஆனால் எல்லாவற்றையும் கிளப்பியது ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்டர்.

ரிசர்வ் வங்கி இதைத் தடுக்காதா? அது குறிவைப்பது வட்டி விகிதத்தை. அந்த விகிதம் நழுவாமல் இருக்க, வங்கிகளுக்கு எவ்வளவு கையிருப்பு வேண்டுமோ அவ்வளவை அது விட்டுத்தான் ஆக வேண்டும்.

சரி, அப்படியானால் பணம் வெறும் நிழல்தானா? அங்கே போய்விடக் கூடாது என்பது என் எண்ணம். வங்கி மேலாளர் அன்று கடன் இல்லை என்று சொல்லியிருந்தால், ஆர்டர் கைவிட்டுப் போயிருக்கும். பணம் தொடங்கிவைக்காத வேலையையும் பணத்தால் நிறுத்திவிட முடியும்.

எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கண்டுபிடிக்க, வட்டியைப் பார்ப்பது ஒரு வழி. ஆர்டர் குவிந்து எல்லோரும் கடனுக்கு வரிசையில் நின்றால், பணமும் வட்டியும் சேர்ந்தே ஏறும். மைய வங்கி தானாகப் பணத்தைத் தள்ளினால், முதலில் வட்டி இறங்கும். பொருளியலாளர் கிறிஸ்டோபர் சிம்ஸ் 1972இல் செய்த புள்ளிவிவரச் சோதனையில் பணம்தான் வருமானத்தை முன்னறிவித்தது, வருமானம் பணத்தை அல்ல. ஃப்ரீட்மன் தரப்புக்கு அது பெரிய பலம். அதே சிம்ஸ் 1980இல் கணக்கில் வட்டி விகிதத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் பணத்துக்கு இருந்த அந்த முன்னறிவிப்பு பெருமளவு மங்கிப்போனது.

இன்னொரு வழி, உற்பத்திக்குச் சம்பந்தமே இல்லாத காரணத்தால் பணம் மாறிய சம்பவங்களைத் தேடுவது. நமக்கே அப்படி ஒன்று வாய்த்தது. 2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மதிப்பில் பார்த்தால் புழக்கத்தில் இருந்த நோட்டில் 86 சதவீதம். தொழில் படுத்ததால் நோட்டு குறைந்தது என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. கீதா கோபிநாத் உள்ளிட்ட நான்கு பொருளியலாளர்கள், புது நோட்டு வந்துசேர்வதில் அதிகம் திண்டாடிய மாவட்டங்களை மற்ற மாவட்டங்களோடு ஒப்பிட்டார்கள். அங்கே வேலைவாய்ப்பும் வங்கிக் கடனும் குறைந்தன, செயற்கைக்கோளில் தெரியும் இரவு வெளிச்சமும் குறைந்தது. அந்தக் காலாண்டில் பொருளாதார நடவடிக்கையின் வளர்ச்சி குறைந்தது 2 சதவீதப் புள்ளி இழந்தது என்பது அவர்கள் மதிப்பீடு.

பணம்தான் காரணம் என்பவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். பழைய நோட்டெல்லாம் வங்கிக்குப் போய் டெபாசிட்டாக மாறிவிட்டதால், ஃப்ரீட்மன் வகைக் கணக்கில் வரும் மொத்தப் பண அளிப்பு அந்த மாதங்களில் பெரிதாகச் சுருங்கவே இல்லை. அந்த ஒரே எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, ஏடிஎம் வாசலில் நின்ற கூட்டம் கண்ணில் பட்டிருக்காது.