கல்லாவில் பணம் குறைந்தால் யார் கட்டுவது?

நேயர்களுக்கு வணக்கம். கடையில் எண்ணெய் பாட்டில் கை தவறி உடைகிறது, ராத்திரி கணக்கு முடிக்கும்போது கல்லாவில் பணம் குறைகிறது. "சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன்" என்கிறார் முதலாளி. பிடிக்கலாமா?

பிடிக்கலாம், ஆனால் நினைத்தபடி அல்ல. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்வது இது: பொருள் உங்கள் பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டிய பணமாக இருக்க வேண்டும். நஷ்டம் உங்கள் கவனக்குறைவால் நேரடியாக வந்திருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். பழைய 1936ஆம் ஆண்டுச் சட்டமும் இதையேதான் சொன்னது.

என்னிடம் வந்த ஒரு பெண்ணின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பல்பொருள் கடையில் பில் போடுபவர், சம்பளம் 12,000 ரூபாய். ஒருநாள் கல்லாவில் 6,400 குறைந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் சம்பளத்தில் முழுசாகப் பிடித்துவிட்டார்கள்.

"அன்று நீங்கள் சாப்பிடப் போனபோது கல்லாவில் யாரம்மா இருந்தது?" என்று கேட்டேன். இன்னொரு பையன். இவருடைய லாகினிலேயே பில் போட்டிருக்கிறான். மாறும்போது பணத்தை எண்ணி யாரும் கையெழுத்துப் போடவில்லை. அன்றைய பில் பட்டியலை வாங்கிப் பார்த்தால், இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த முக்கால் மணி நேரமும் இவர் பெயரில் பில் ஓடியிருக்கிறது. அப்புறம் எப்படி இவர் கவனக்குறைவு என்று சொல்ல முடியும்? எண்ணி ஒப்படைக்காத பணத்துக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது கடினம். யாரென்று தெரியாததால் எல்லார் தலையிலும் பங்கு போடுவதும் இதனால்தான் செல்லாது.

தப்பு அவருடையதே என்று வைத்துக்கொண்டாலும் பிடித்த தொகை சரியில்லை. ஒரு மாதத்தின் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாதி 6,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் ஏற்கெனவே 1,530 போய்விட்டது. மிச்சம் பிடிக்க இடமிருந்தது 4,470தான். இதையெல்லாம் எழுதிக் கொடுத்ததும் முதலாளி பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

உடைந்த பாட்டிலுக்கும் ஒரு கணக்கு உண்டு. கடைக்கு 900 ரூபாய்க்கு வந்த டின்னுக்கு, மேலே அச்சிட்ட 1,100ஐப் பிடிக்கிறார்கள். கடைக்கு ஆன நஷ்டத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பதுதான் சட்டம். எவ்வளவு நஷ்டம் என்று கொள்முதல் பில்லைக் கேளுங்கள்.

நேரம் முடியப்போகிறது என்கிறார்கள். முறையற்றுப் பிடித்திருந்தால் 3 ஆண்டுக்குள் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். பிடித்ததோடு, அதைப்போல் 10 மடங்கு வரை இழப்பீடும் அவர் உத்தரவிட முடியும். கிராஜுவிட்டியிலும் நஷ்டத்தைக் கழிக்க வழி உண்டு, ஆனால் அந்தத் தவற்றுக்காகவே வேலையை விட்டு நீக்கியிருந்தால்தான். நீங்களாக வேலையை விட்டு வந்திருந்தால் அதில் கைவைக்க முடியாது. வணக்கம்.