அக்குளுக்கு லேசர், காலுக்கு ரேசர்

வணக்கம். அக்குள் முடியை நீக்கும் லேசர் சிகிச்சையின் மூன்றாவது சிட்டிங்கை நேற்று முடித்தேன். ஆறு சிட்டிங்குக்கு 15,000 ரூபாய் என்று சொல்லி 7,500 ரூபாயை முன்பணமாக வாங்கியவர்கள், மீதியைக் கட்டப் போன என்னிடம் 8,250 ரூபாய் கேட்டார்கள். 5 சதவீத ஜி.எஸ்.டி. தனியாம். அழகுச் சிகிச்சைக்கு வரி உண்டு என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா? நீங்கள் விலை கேட்கும்போது வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டு, எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆக, மொத்தம் 15,750 ரூபாய். 40 ரூபாய் ரேசர் ஒன்றை நான்கு முறைக்கு மேல் நான் பயன்படுத்துவதில்லை என்பதை அறிவீர்கள். வாரம் இருமுறை மழித்தால் ஆண்டுக்கு 26 ரேசர், 1,040 ரூபாய்தான். பணத்தை மட்டும் பார்த்தால் லேசருக்குக் கொடுத்தது ஈடாகப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். நேரக் கணக்கு அப்படியில்லை. மழிப்பதற்கு ஒருமுறைக்கு ஐந்து நிமிடம் என்றாலும் ஆண்டுக்கு எட்டரை மணி நேரத்துக்கு மேல் போகிறது. லேசர் படுவது பத்து நிமிடமே என்றாலும், போய்வந்து காத்திருக்க இரண்டு மணி நேரமாகிறது. ஆறு முறைக்குப் பன்னிரண்டு மணி நேரம். ஒன்றரை ஆண்டில் அது ஈடாகிவிடும்.

ஆனாலும் நான் லேசருக்குப் போனதற்குக் காரணம் வேறு. மழித்த இரண்டாம் நாளே முடி தோலுக்குள் சுருண்டு வளர்ந்து, சிவந்த கொப்புளமாகி, ஆறிய பிறகு கருந்திட்டாக நின்றுவிடுவதைப் பழைய காணொளிகளில் காட்டியிருக்கிறேன். முடியின் கருநிறமி லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாவதால்தான் வேர் பாதிக்கப்படுகிறது. நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் அந்த நிறமி உண்டு என்பதால், பொருந்தாத கருவியோ அளவோ தோலைச் சுட்டுவிடும். அதனால் என் மருத்துவர் மாநிறத் தோலுக்குப் பொருந்தும் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரைத் தேர்ந்தெடுத்து, முதலில் ஒரு சிறு இடத்தில் சோதித்துப் பார்த்தார். வளரும் பருவத்தில் உள்ள முடி மட்டுமே சிக்கும் என்பதால்தான் சிட்டிங்குகளுக்கு இடையே ஐந்து வார இடைவெளி விடுகிறார்கள். முதல் முறைக்குப் பத்து நாள் கழித்துக் குளித்துவிட்டுத் துண்டால் துடைத்தபோது, கரும்புள்ளிகளாக நின்ற முடிகள் தாமாகவே உதிர்ந்து துண்டில் ஒட்டிக்கொண்டு வந்ததை மறக்க முடியாது.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். லேசருக்கு முந்தைய நாள் கட்டாயம் மழித்திருக்க வேண்டும். வேக்சிங் மட்டும் கூடாது. வேரையே பிடுங்கிவிட்டால் லேசருக்குப் பிடிமானம் இருக்காது. நரைமுடிக்கும் இது பயன்படாது. ஆறு சிட்டிங் முடிந்தாலும் முடி முற்றிலும் ஒழியாது. மெலிந்து குறையும், பிறகு எப்போதாவது ஒருமுறை மீண்டும் போக நேரும்.

காலுக்கும் சேர்த்துச் செய்துகொள்ளச் சொன்னார்கள். அக்குளைப் போல நான்கு மடங்கு விலை. என் காலில் முடி உள்ளே வளர்வதும் இல்லை, கருமை படிவதும் இல்லை. அதனால் காலுக்கு அதே 40 ரூபாய் ரேசர்தான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.