எத்தனை கிலோ என்று கேட்டால்

வணக்கம் நேயர்களே. ஒரு சின்ன உரையாடலோடு தொடங்குகிறேன். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்த காட்சிதான். காலை நிறுவைக்குக் கொழுந்து மடுவத்தில் வரிசை நிற்கிறது, மழை தூறுகிறது, சுப்பர்வைசர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்.

"செல்வி, காலையில எத்தன கிலோ?"

"எப்பப் பாத்தாலும் என்னையே கேளுங்க. இந்த மழையில நான் என்ன சும்மாவா நின்னேன்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு, வாயாடாத."

"நான் பேசினா வாயாடுறதுதான், மத்தவங்க பேசினா பேச்சு."

அவ்வளவுதான். எத்தனை கிலோ என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, கவனித்தீர்களா?

எரிக் பேர்ன் என்று ஒரு மனநல மருத்துவர் இருந்தார், 1910இல் கனடாவின் மொன்றியலில் பிறந்தவர். இப்படிப்பட்ட பேச்சுகளைப் பிரித்துப் பார்க்க அவர் உருவாக்கிய முறைக்குத்தான் டிரான்சாக்ஷனல் அனாலிசிஸ் என்று பெயர், நாம் பரிமாற்றப் பகுப்பாய்வு என்று சொல்லலாம். ஒவ்வொருவருக்குள்ளும் மூன்று நிலைகள் இருக்கின்றன என்றார். சிறு வயதில் நம்மை வளர்த்தவர்கள் பேசியதும் நடந்துகொண்டதும் நமக்குள் அப்படியே பதிந்து, இன்று நம் வாயில் வருவது பெற்றோர் நிலை. சின்னப் பிள்ளையாக நாம் பயந்ததும் கோபித்ததும் குதூகலித்ததும் மறுபடி மேலெழுந்து வருவது குழந்தை நிலை. இந்த நிமிடம் கண் முன்னால் இருப்பதை மட்டும் வைத்து யோசித்துப் பேசுவது வளர்ந்தவர் நிலை. வயதுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அறுபது வயது ஐயாவும் குழந்தை நிலையில் பேசுவார், பத்து வயதுப் பிள்ளையும் தம்பியை அதட்டும்போது பெற்றோர் நிலையில் நிற்கும்.

இப்போது அந்தப் பேச்சுக்குத் திரும்புவோம். "எத்தன கிலோ?" என்பது வளர்ந்தவர் நிலையில் இருந்து வளர்ந்தவர் நிலைக்குப் போன கேள்வி. லொறிக்குச் சொல்ல வேண்டும், கொழுந்து பறிக்கும் மலையை மாற்ற வேண்டுமா என்று பார்க்க வேண்டும், அதற்காகக் கேட்டது. "ஆறு கிலோங்க ஐயா" என்று வந்திருந்தால் கோடு நேராகப் போய் நேராகத் திரும்பியிருக்கும். வந்ததோ வேறு. திட்டு வாங்கும் பிள்ளையின் இடத்தில் செல்வி நின்றுகொண்டார், கேட்டவரைத் திட்டும் பெற்றோராக ஆக்கிவிட்டார். கேள்வி அனுப்பிய இடத்துக்குப் பதில் வரவில்லை, கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. இதுதான் குறுக்குப் பரிமாற்றம். கோடு குறுக்கே வெட்டினால் பேசிக்கொண்டிருந்த விஷயம் அந்த இடத்திலேயே அறுந்துபோகும், யாராவது ஒருவர் நிலை மாறினால்தான் மறுபடி ஒட்டும் என்பது பேர்ன் சொன்ன விதி.

ஆனால் மூன்றாவது வரியைப் பாருங்கள், எனக்கு இந்த இடம்தான் முக்கியம். "வாயாடாத" என்றபோது சுப்பர்வைசர், செல்வி தன்னை எந்த இடத்தில் வைத்தாரோ அந்த இடத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டார். பெற்றோர் அதட்டுகிறார், பிள்ளை முகம் சுளிக்கிறது. இப்போது கோடுகள் நேராகிவிட்டன! அதனால்தான் சண்டை அவ்வளவு சரளமாக ஓடுகிறது, மாலை நிறுவை வரைக்கும் கூட ஓடும். கிலோ மட்டும் தொலைந்துபோனது.

சரி, ஒருவர் எந்த நிலையில் பேசுகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சொல்லை மட்டும் வைத்து முடியாது. இதே "எத்தன கிலோ?"வைப் புருவத்தைத் தூக்கி, இழுத்து, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டு கேட்டால் அது பெற்றோர் நிலையின் குற்றச்சாட்டு, அப்போது செல்வியின் பதில் குறுக்கே வந்ததே அல்ல, நேராக வந்ததுதான். குரல், முகம், கை இவற்றைப் பார்க்க வேண்டும், அப்புறம் அந்தப் பேச்சு எதிரில் இருப்பவரிடம் என்ன பதிலை இழுக்கிறது என்றும் பார்க்க வேண்டும். நம்மிடம் எல்லோரும் பிள்ளைகள் மாதிரியே சாக்குப்போக்குச் சொல்கிறார்கள் என்றால் நாம் எந்த நிலையில் கேட்கிறோம் என்று முதலில் யோசிப்பது நல்லது. ஒரே ஒரு வரியைக் கேட்டுவிட்டு "நீ குழந்தை நிலையில் பேசுகிறாய்" என்று தீர்ப்புச் சொல்வதும் தவறு, அப்படிச் சொல்வதே பெற்றோர் நிலைதான்.

ஒட்ட வைப்பது எப்படி என்றால், செல்வி சொன்னதற்கு ஒரு வரி மதிப்புக் கொடுத்துவிட்டு உடனே கேள்விக்குத் திரும்ப வேண்டும். "மழையில கஷ்டம்தான், உன்னக் குத்தம் சொல்லல. லொறிக்கு இப்பவே சொல்லணும், அதான் கேட்டேன்." இதில் முதல் பாதி அனுசரணையான பெற்றோர் நிலை, இரண்டாம் பாதி வளர்ந்தவர் நிலை. முதல் பாதியை விட்டுவிட்டுக் காரணத்தை மட்டும் சொன்னால் பல நேரம் எடுபடாது.

குறுக்கே வெட்டுவது எல்லாம் கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். "ஏன் லேட்டு?" "மன்னிச்சிக்குங்க ஐயா, இனிமே லேட்டா வரமாட்டேன்." இது நேர்க்கோடு. இப்படி எத்தனை வருடம் வேண்டுமானாலும் சத்தமில்லாமல் போகும், ஏன் லேட்டாகிறது என்று யாருக்கும் கடைசி வரை தெரியாது. நம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக ஓடியது இந்தக் கோடுதான் என்று நான் நினைக்கிறேன். மேலே இருப்பவர் அப்பா மாதிரி, கீழே இருப்பவர் பிள்ளை மாதிரி. "பிள்ளையக் கிரஷ்ல விட எட்டு மணி ஆகுதுங்க ஐயா, ஏழரைக்குத் திறந்தா நேரத்துக்கு வந்திருவேன்" என்று ஒரு தாய் சொன்னால் அதுவும் குறுக்குப் பரிமாற்றம்தான். அதட்டலுக்கு வளர்ந்தவர் நிலையில் இருந்து வந்த பதில். கேட்பவருக்குச் சுருக்கென்று இருக்கும், எதிர்த்துப் பேசுகிறாள் என்று தோன்றும். ஆனால் வேலைக்கு உதவுகிற ஒரே பதில் அதுதான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இளவயதில் ஒரு தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் வேலையில் இருந்தேன். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கொஞ்சம் கழிப்போம். ஒரு நாள் ஒரு அக்கா, கோபமே இல்லாமல், "ஐயா, நேத்து எனக்கு மூணு கிலோ எதுக்குக் கழிச்சீங்க?" என்று கேட்டார். சுத்தமான வளர்ந்தவர் நிலைக் கேள்வி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கே கணக்குச் சொல்லித் தாறியா?" என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரிடம்.

அவர் வாய் பேசவில்லை. மூன்று வாரம் கொழுந்தை வைப்பார், நிறுத்ததும் போய்விடுவார். வரிசையில் இருந்த மற்றவர்களும் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். குறுக்குப் பரிமாற்றம் அதிகாரம் உள்ளவர் வாயில் இருந்து வந்தால் சண்டை வராது, மௌனம்தான் வரும், அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்வது சுலபம். அவர் திருப்பிக் கேட்டிருந்தால் அவர் பேர் அரைப்பேராகி அரைநாள் சம்பளம்தான் கிடைக்குமோ என்ற பயம் அவருக்கு இருந்தது, அந்தப் பயத்தை எந்தக் கோட்டுப் படமும் போக்காது. கையில் புத்தகம் வைத்திருந்த நான்தான் முதலில் நிலை மாற வேண்டும்.

ஒரு மாலை வரிசை முடிந்ததும் அவரைக் கூப்பிட்டேன். "அக்கா, அன்னைக்கு நான் பேசினது பிழை. ஈரத்துக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணு, அதான் மூணு" என்று புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் புத்தகத்தைப் பார்த்தார். "சாக்கு ஒரு கிலோ இருக்குமாங்க ஐயா? வெறும் சாக்கைப் போட்டுப் பாருங்களேன்" என்றார். தராசில் போட்டோம். முக்கால் கிலோவுக்கும் குறைவாகத்தான் இருந்தது.